கெடு கடந்து திரும்பி வரும் பொருள்

நம் வங்கியில் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் சிறு வணிகர்கள் பலர், வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்து பணம் கேட்கும்போது இரண்டு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்கின்றனர். சுவரில் தொங்கும் பலகையைக் காட்டி வாய் திறக்காமல் இருப்பது ஒன்று. குரல் உயர்ந்தால் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. மறுக்கலாம், ஆனால் மறுப்புக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7,200 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கியவர் 23-ஆம் நாள் அதைக் கொண்டு வருகிறார். பிரிக்காத பெட்டியுடன் 10 நாட்களுக்குள் வந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்று பில்லின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பெட்டி பிரிக்கப்பட்டு, மிக்ஸி இரண்டு வாரம் ஓடியிருக்கிறது. இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு ஜார் மிகப் பெரிது என்பதே அவர் சொல்லும் காரணம்.

கடைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது நாள்கணக்கை அன்று, மிக்ஸியை. ஜாரில் தண்ணீர் ஊற்றி ஓட்டி, கசிவோ கருகல் வாடையோ இருக்கிறதா என்று அவர் முன்னிலையிலேயே சோதிக்க வேண்டும். குறைபாடு இருந்தால் நிலைமையே வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை அங்கே உதவாது. கெடுவுக்குப் பின் தெரியவந்த குறையானாலும் உற்பத்தியாளரின் உத்தரவாதம் இருக்கிறது.

நம் மிக்ஸியில் குறை இல்லை. எனவே முழுப் பணத்தை மறுக்கக் கடைக்காரருக்கு நியாயம் உண்டு. பிரித்த பெட்டியைப் புதிது என்று அவர் அடுத்தவருக்கு விற்க முடியாது. காட்சிப் பொருளாக 5,600 ரூபாய்க்கு விற்கலாம் என்று மதிப்பிடுகிறார். துடைத்துச் சோதிக்க 200 ரூபாய். மீதி 5,400 ரூபாயை மாற்று மதிப்பாகத் தருகிறார். வாடிக்கையாளர் 4,300 ரூபாய்க்குச் சிறிய மிக்ஸியைத் தேர்ந்தெடுத்தால், எஞ்சிய 1,100 ரூபாய்க்கு ஓராண்டு செல்லும் கடைச் சீட்டு. 1,800 ரூபாய் போனது வாடிக்கையாளருக்கு வருத்தமே. ஆயினும் அது எங்கே போனது என்பது அவருக்குத் தெரிகிறது. பதினைந்தே நாளில் காலாவதியாகும் சீட்டைக் கொடுத்துவிட்டு அதை மாற்று ஏற்பாடு என்பவர்களும் உண்டு. அதை நான் மறுப்பின் மற்றொரு வடிவமாகவே கருதுவேன்.

புதிய மிக்ஸிக்கான பில்லை முழு 4,300 ரூபாய்க்கே போட வேண்டும். வரியும் அந்தத் தொகையின் மீதே. பழையதற்கு ஈடான மதிப்பைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில் போடுவது கூடாது.

இதை வாய்மொழியாக விடாமல் கடைத்தாளில் நான்கு வரி எழுதித் தருவது நன்று: “பில் தேதியிலிருந்து 23-ஆம் நாள் பொருள் வந்தது, பெட்டி பிரிக்கப்பட்டுள்ளது. பில்லில் உள்ள 10 நாள் விதிப்படி பணம் திருப்பித் தர இயலவில்லை. தங்கள் முன்னிலையில் சோதித்ததில் குறை காணப்படவில்லை. மாற்று மதிப்பாக 5,400 ரூபாய் தருகிறோம். ஏற்பது தங்கள் விருப்பம்.” ‘இயலாது’ என்ற சொல்லை மன்னிப்புகளுக்கு நடுவே ஒளித்து வைக்க வேண்டாம். அரைகுறையாகச் சொன்னால், இன்னொரு முறை கேட்டால் கிடைக்கும் என்றே எவரும் நினைப்பார்.

வங்கியில் இருப்பவன் என்ற முறையில் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. வாடிக்கையாளர் கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், இரக்கப்பட்டு ரொக்கமாகத் திருப்பித் தராதீர்கள். அட்டையில் பெற்ற பணத்தை அதே அட்டைக்குத்தான் திருப்ப வேண்டும் என்பது அட்டை நிறுவனங்களின் விதி. ரொக்கம் கொடுத்த பின், அவரே தம் வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிட்டால், உங்கள் கணக்கிலிருந்து 7,200 ரூபாய் மீண்டும் பிடிக்கப்படக்கூடும். ரொக்கம் தந்ததற்கு வங்கிப் பதிவில் தடயம் இராது. அத்தகைய முறையீடு வந்தால் குறித்த நாட்களுக்குள் ஆதாரம் அனுப்புமாறு உங்கள் வங்கி கேட்கும். விதி அச்சிட்ட பில்லின் நகல், அட்டை இயந்திரச் சீட்டு, மேற்சொன்ன நான்கு வரிக் கடிதம் ஆகிய மூன்றும் அப்போது வேண்டும். பில்லின் பின்புறம் பொடி எழுத்தில் விதியை அச்சிட்டவர்கள், வாங்கும்போதே அதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்ததாக நிறுவத் திணறுவார்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். அட்டையில் தவணை முறையில் வாங்கியிருந்தால், கடையில் பொருளை மாற்றிக்கொள்வதால் தவணை நின்றுவிடாது. 7,200 ரூபாய்க்கான தவணை முன்போலவே தொடரும். மாற்று ஏற்பாட்டை ஏற்குமுன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.