பெரியகுளமும் முப்பது மார்க்கும்

டெண்டர் என்றாலே நம்ம ஆட்களுக்கு ரெண்டு நினைப்புதான். ஒண்ணு, "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க". ரெண்டு, "கம்மி ரேட் போட்டவனுக்குத்தான்". நானும் அப்படித்தான் இருந்தேன். கோடு அடிக்கிறவனைக் கூப்பிட்டு "நீ நல்லா எழுதுவியாமே, டெக்னிக்கல் புரபோசல் நீயே எழுது" என்று மேனேஜர் தலையில் கட்டியபோதுதான் விஷயம் வேற என்று தெரிஞ்சது. பதிவு எழுதுறவன்னு ஆபீசில் சொல்லிக்காதீங்க மக்கா, அனுபவத்தில் சொல்றேன் :-)

வேலை இதுதான். நாங்குநேரியைச் சுற்றி நாற்பது குளங்களில் தண்ணீர் மட்டத்தைக் கருவி வைத்து அளந்து, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒரே திரையில் காட்டணும். எங்க ஊர் பெரியகுளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. துறை பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். எண்களையும் கணக்குக்கு வசதியா கொஞ்சம் உருட்டியிருக்கேன். உலக வங்கி பாணியில் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் முறை. தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி மார்க் போட்டுக் கூட்டுவார்கள், சுருக்கமா க்யூசிபிஎஸ். டெக்னிக்கல் உறையும் விலை உறையும் தனித்தனி. டெக்னிக்கலுக்கு மார்க் போட்டு முடிக்கும் வரை விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள்.

மார்க் எப்படிப் போடுவாங்க என்பதை ஒளிச்சு வைக்கிறதில்லை, டெண்டர் ஆவணத்திலேயே அச்சிட்டுத் தர்றாங்க. எங்களுக்கு வந்ததில் கம்பெனி அனுபவத்துக்கு 10, செயல்முறைக்கும் வேலைத் திட்டத்துக்கும் 30, ஆட்களுக்கு 60. அந்த முப்பதும் உடைஞ்சு, அணுகுமுறைக்கு 15, கால அட்டவணைக்கு 10, குழு அமைப்புக்கு 5.

நான் என்ன செஞ்சேன்? எனக்கு இயல்பா வந்த வரிசையில் எழுதினேன். முதலில் மென்பொருள் கட்டமைப்பு, அப்புறம் டேட்டாபேஸ், அப்புறம் செக்யூரிட்டி, அப்புறம் கருவி, கடைசியில் "இதர விவரங்கள்" என்று ஒரு மூட்டை. குளத்தில் இருக்கிற அளவுகோலை ஆள் போய்ப் படித்து, கருவி சொல்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அந்த மூட்டைக்குள்தான் போட்டிருந்தேன். மொத்தம் நூற்றிப் பத்து பக்கம், நூற்றி மூணாவது பக்கத்தில் அது.

மார்க் போடுறவர் யார் என்று யோசிக்கணும். அவர் மேஜையில் ஆறேழு கம்பெனிகளின் கட்டு இருக்கும். கையில் ஒரு மார்க் தாள். அதில் "அளவீட்டின் தரத்தை எப்படி உறுதி செய்வார்கள்" என்று ஒரு வரி. அந்த வரிக்கான பதிலைத் தேடி அவர் என் நூற்றிப் பத்து பக்கத்தையும் நாவல் மாதிரி படிப்பார் என்று எதிர்பார்த்தது என் தப்பு. கிடைக்கவில்லை என்றால் அவருக்கு அது இல்லை. அவ்வளவுதான். பரீட்சைத் தாளில் கேள்வி நம்பர் போடாமல் விடை எழுதின கதை.

மார்க் தாளின் வரிசைக்குப் புரபோசலை அடுக்குவதை "ஃபார்முக்கு எழுதுறது, பம்மாத்து" என்று என் நண்பர்களே சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அப்படி அடுக்கப் போனால்தான் உங்க திட்டத்தில் இருக்கிற ஓட்டை உங்களுக்கே தெரியும். எங்களுக்குத் தெரியாமல் போன ஓட்டையைச் சொல்றேன்.

கருவி காட்டுவது உயரம் மட்டும்தான். எட்டடி தண்ணீர் நிற்குது என்றால் அது எத்தனை கன அடி? குளத்தின் அடிப்பரப்பை அளந்திருந்தால்தான் சொல்ல முடியும். பழைய ஆவணங்களில் கொள்ளளவு அட்டவணை இருக்கும், ஆனால் அதன்பின் எத்தனையோ வருஷ வண்டல் படிஞ்சிருக்கும். அதனால் ஒவ்வொரு குளத்துக்குள்ளும் இறங்கி சர்வே எடுக்கணும். ஒரு குளத்துக்கு ஒரு சர்வே குழுவுக்கு சராசரியா ரெண்டு நாள் என்று செயல்முறைப் பகுதியில் நானே எழுதியிருந்தேன். நாற்பது குளம், எண்பது நாள். கால அட்டவணையில் அதே சர்வேக்கு நாலு வாரம் கட்டம் கட்டியிருந்தேன். குழுப் பட்டியலில் களப் பொறியாளர் ஒரே ஒருத்தர்!

செயல்முறை ஒருத்தன், அட்டவணை இன்னொருத்தன், ஆள் கணக்கு ஹெச்ஆர் என்று பிரிச்சு எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனா இது மூணையும் நானே எழுதினேன். மூணையும் ஒரே நாளில் பக்கத்தில் வெச்சுப் பார்க்கவில்லை, அதான் விஷயம். மார்க் போடுறவருக்கு இந்தப் பெருக்கல் ஒரு நிமிஷ வேலை.

இன்னொரு கொடுமை. வேலை உத்தரவு ஆகஸ்ட் ஆரம்பத்தில் வரும் என்று எதிர்பார்ப்பு. ஒரே குழு வாரம் ஆறு நாள் வேலை பார்த்தால் எண்பது நாள் என்பது பதிமூணு வாரத்துக்கு மேல், நவம்பர் வந்துரும். புரபோசல் கொடுத்துட்டு ஊருக்குப் போயிருந்தப்ப அப்பாகிட்ட பெருமையா படம் போட்டுக் காட்டினேன். அப்பா அட்டவணையில் விரலை வெச்சுக் கேட்டது ஒரே கேள்வி:

"ஏலே, ஐப்பசி, கார்த்திகைல கொளத்துக்குள்ள எறங்கி எப்படிலே அளப்ப?"

எங்க பக்கம் குளம் பெருகுறது வடகிழக்குப் பருவமழையில். அக்டோபர் பாதிக்கு மேல் தண்ணீர் வர ஆரம்பிச்சா, அப்புறம் படகும் எதிரொலி மானியும் வேணும். செலவும் நாளும் வேற கணக்கு. ரெண்டு குழு போட்டிருந்தால் ஆளுக்கு நாற்பது நாள், ஏழு வாரம். செப்டம்பர் கடைசிக்குள்ள, குளம் காய்ஞ்சு கிடக்கும்போதே முடிஞ்சிருக்கும். இந்த ஊரில் பிறந்தவன், பெரியகுளம் மறுகால் பாயுறதை வேடிக்கை பார்க்க ஓடினவன். சென்னையில் ஏசியில் உட்கார்ந்து கட்டம் கட்டும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இதைச் சொல்ல உலக வங்கிப் படிவத்திலேயே இடமும் உண்டு. டெக்-3 என்று ஒரு படிவம். கொடுத்திருக்கும் பணி வரையறையைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்கும். "உத்தரவு செப்டம்பர் தாண்டினால் சர்வேயை அடுத்த கோடைக்குத் தள்ள வேண்டும், அதுவரை பழைய அட்டவணையை வைத்துத் தோராயமாகக் காட்டுவோம்" என்று ரெண்டு வரி எழுதியிருந்தால், இவனுக்கு வேலை தெரியும் என்று புரிஞ்சிருக்கும். நான் எழுதினது "கருத்து ஏதுமில்லை".

அடுத்து ஆட்களுக்கான 60. ஒவ்வொருத்தருக்கும் உள்ளே மூணு பிரிவு. பொதுத் தகுதிக்கு 20 சதவீதம், இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் அனுபவத்துக்கு 70, வட்டாரமும் மொழியும் தெரிந்திருப்பதற்கு 10. அதாவது மொத்தத்தில் 6 மார்க், உள்ளூர் தெரிஞ்சவன், தமிழ் தெரிஞ்சவன் என்பதற்கே! எங்க குழுவில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரங்க. ஆனா சிவி எல்லாம் கம்பெனியின் பொதுவான சிவி. ஜாவா, ஆரக்கிள், அமெரிக்க வங்கி கிளையன்ட் என்று ரெண்டு பக்கம். மொழி என்ற கட்டத்தையே காணோம். திருநெல்வேலிக்காரனுக்குத் தமிழ் தெரியும் என்று எழுதணுமா என்ன? எழுதணும். எழுதாததுக்கு மார்க் போட அவருக்கு வழியில்லை.

விலை உறை திறக்கும் அன்று டெக்னிக்கல் மார்க்கை வாசிச்சாங்க. எங்களுக்கு 78, போட்டிக் கம்பெனிக்கு 74. நாங்கதான் மேலே! பெருமூச்சு விட்டேன். அப்புறம் விலை. எங்களுது 60 லட்சம், அவங்களுது 48. இந்த டெண்டரில் தரத்துக்கு 80 சதவீதம், விலைக்கு 20. ஆகக் குறைந்த விலைக்கு விலை மார்க் 100. மற்றவர்களுக்கு அந்தக் குறைந்த விலையைத் தங்கள் விலையால் வகுத்து நூறால் பெருக்கணும். எங்களுக்கு 80.

எங்க கணக்கு: 78-ல் 80 சதவீதம் 62.4, விலைக்கு 16, மொத்தம் 78.4. அவங்களுக்கு 59.2 கூட்டல் 20, மொத்தம் 79.2. முக்கால் மார்க்கில் போச்சு.

தமிழ் தெரியும் என்ற வரியால் மட்டும் ரெண்டு மார்க் கூடியிருந்தால்கூட 1.6 சேர்ந்து நாங்க 80 ஆகியிருப்போம், 12 லட்சம் அதிக விலையோடு. இந்த 80:20 கணக்கில் ஒரு டெக்னிக்கல் மார்க் என்பது எங்க நிலையில் மூணு லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. (நாங்க 57 லட்சத்துக்கு இறங்கியிருந்தால் விலை மார்க் 84-ஐத் தாண்டும், மொத்தத்தில் 0.84 கூடும். அதுவே ஒரு டெக்னிக்கல் மார்க்கை விட 0.04 தான் அதிகம்.) மேனேஜ்மென்ட் விலையை ஒரு லட்சம் குறைக்க ராத்திரி பத்து மணி வரை மீட்டிங் போட்டது. சிவியைத் திருத்த யாரும் அரைமணி நேரம் ஒதுக்கவில்லை, நான் உட்பட.

எல்லா டெண்டருக்கும் இந்தக் கணக்கு வராது என்பதையும் சொல்லணும். இரண்டு உறை முறையில் வரும் பெரும்பாலான டெண்டர்களில் டெக்னிக்கல் என்பது பாஸ், ஃபெயில் மட்டுமே, பாஸானவர்களில் குறைந்த விலைக்காரருக்கு வேலை. மத்திய அரசு 2017 பொது நிதி விதிகளில் ஆலோசனைப் பணிக்குத் தர எடை 80 சதவீதம் வரை போகலாம். 2021 அக்டோபர் அறிவுறுத்தலில் கட்டுமானம் போன்றவற்றுக்கும் க்யூசிபிஎஸ் அனுமதித்தாங்க, ஆனா அங்கே தரத்துக்கு அதிகபட்சம் 30 தான். அதனால் ஆவணம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்த வகை என்பதை. பாஸ், ஃபெயில் வகையில் நீட்டி முழக்கி எழுதுவது வீண், அங்கே ஒரு சான்றிதழ் விட்டுப் போனால்தான் ஆபத்து.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. ஆட்களுக்கு 60 மார்க் என்றதும் பெரிய பெயராகப் பிடித்து, வரவே போகாத நிபுணரின் சிவியை வாங்கிப் போடுவது. மார்க் தாளுக்கு அடுக்குவது வேறு, இது வேறு. உலக வங்கி விதிப்படி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடும்போது முக்கிய ஆட்கள் வருவார்கள் என்று உறுதி சொல்லணும், சொல்ல முடியாவிட்டால் புரபோசலையே நிராகரிக்கலாம். விதி இருந்தும் இது நடக்குது. பாதிப்பு யாருக்கு? குளத்தில் இறங்கி அளக்கும் இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு. சந்தேகம் வந்தால் கேட்க அந்த நிபுணர் இருக்க மாட்டார்.

அடுத்த புரபோசலுக்கு முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் அவங்க மார்க் தாளின் ஒவ்வொரு வரியும் அவங்க வார்த்தையிலேயே, நடுவில் எத்தனை மார்க், வலது பக்கம் எங்க பதில் இருக்கும் பக்க எண். அட்டவணை போட்டு முடிச்சப்ப வலது பக்கத்தில் மூணு கட்டம் காலியா இருந்தது. அந்த மூணையும் எழுதத்தான் மீதி ஒரு வாரம் ஆச்சு. அதைப் பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பினேன். "இப்ப மாசம் சரியா இருக்கு"ன்னு சொன்னார்.

பி.கு.: அந்த ரெண்டாவது டெண்டர் என்னாச்சு என்று கேட்கப் போறவங்களுக்கு: விலை உறை இன்னும் திறக்கலை.