பேரக்குழந்தையின் மனக் குறிப்பேடு

பெரியவர்களுக்கு உள்ள கோபமும் பயமும் ஏக்கமும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் உண்டு. அவற்றைச் சொல்லும் சொற்கள்தாம் அதனிடம் இல்லை. ஆகவே அது வயிறு வலிக்கிறது என்கிறது. அல்லது பொம்மையை வீசி எறிகிறது. சொல்ல வராததை வரைந்து காட்டக் குழந்தைக்கு வரும். நாளுக்கு ஒரு படமும் ஓரிரு சொற்களும் கொண்ட குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ள வீட்டிலுள்ள தாத்தாவோ பாட்டியோ துணை செய்யலாம்.

கோடு போடாத நோட்டு ஒன்றும், ஆறு வண்ணக் கிரேயான்களும் போதும். மாலையில் விளக்கேற்றிய பின், இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கலாம். நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு வட்ட முகங்களைக் குழந்தையோடு சேர்ந்து வரைந்து, அவற்றின் கீழே சந்தோஷம், வருத்தம், கோபம், பயம் என்று எழுதி வைக்க வேண்டும். தொடக்கத்தில் இந்த நான்கே போதும். இவை பழகிய பிறகு ஏக்கம், வெட்கம், ஏமாற்றம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

குழந்தை வரைந்து முடித்ததும், "இது என்ன?" என்று கேட்டலாகாது. தான் தெளிவாக வரைந்ததாக நினைத்திருக்கும் குழந்தை அக்கேள்வியால் சுருங்கிவிடும். "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லேன்" என்பதே தக்க கேள்வி. அது சொல்வதைத் தேதியிட்டு, அதன் வாய்மொழியிலேயே படத்தின் கீழ் எழுதி, விரல் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். குழந்தை தானே ஓர் எழுத்தை எழுத விரும்பினால் எழுதட்டும். பிழையைத் திருத்த வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பேரன், பிரதோஷம்தோறும் பாட்டியோடு சிவன் கோயிலுக்குச் செல்பவன், திடீரெனப் புறப்படும் நேரத்தில் வயிற்று வலி என்று அழத் தொடங்கினான். போகவில்லை என்று முடிவானதும் வலி நின்றுவிடும். பிடிவாதம் என்றே வீட்டார் எண்ணினர். ஒரு மாலை அவன் நோட்டின் பக்கம் முழுவதும் பழுப்பு நிறத்தில் நெடுங்கோடுகளை இழுத்து, நடுவே சிறு வட்டம் ஒன்றைப் போட்டான். பாட்டிக்கு அது வேலியாகத் தோன்றியது. ஆயினும் தாம் நினைத்ததைச் சொல்லாமல், அதைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார். "எல்லாம் காலு. நந்திகிட்ட. பாட்டி புடவயக் காணோம்" என்றான். அந்த வட்டம் அவன்தான்.

"நான் பக்கத்திலேயேதானே இருந்தேன்!" என்ற சொல் பாட்டியின் நாவில் எழுந்தது. அதை அடக்கிக்கொண்டு அவன் சொன்னதை அப்படியே எழுதினார். எந்த முகம் என்று கேட்டபோது பயத்தைத் தொட்டான். உடம்பில் எங்கே என்று கேட்டபோது வயிற்றில் கை வைத்தான்.

அடுத்த பிரதோஷத்தன்று இருவரும் கூட்டம் சேருமுன் சென்று, ஒரு தூணருகே நின்றனர். கை விட்டுப்போனால் கொடிமரத்தடியில் நிற்பது என்றும், பாட்டி அங்கே வருவார் என்றும் ஏற்பாடு. அன்று மாலை அவன் கொடிமரத்தை வரைந்து, அருகே 'பா' என்று தானே எழுதினான். "கொஞ்சூண்டு பயம்" என்று சொன்னான். பயம் முற்றிலும் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லும் சொல் வந்துவிட்டது.

பாட்டி அன்று மறுத்துப் பேசியிருந்தால் அத்துடன் பேச்சு நின்றிருக்கும். குழந்தை ஒவ்வொரு சொல்லுக்கும் பெரியவரின் முகத்தைப் பார்ப்பதும், நாள்தோறும் 'சந்தோஷம்' என்றே சொல்வதும், அது பெரியவருக்காக எழுதுகிறது என்பதன் அறிகுறிகள். அப்போது சில நாள் விட்டுவிடுவதே நன்று. வற்புறுத்தினால் இதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். குழந்தையின் அனுமதியின்றி விருந்தினருக்கு நோட்டைக் காட்டுவதும் கூடாது.

வண்ணத்தைக் கொண்டு மனத்தைக் கணிப்பதும் தவறு. கறுப்பில் வரைந்தது வருத்தத்தால்தான் என்பதில்லை. கைக்கு எட்டிய கிரேயான் அதுவாக இருந்திருக்கலாம். படத்தின் பொருளைக் குழந்தையின் வாயிலாகத்தான் அறிய வேண்டும்.

குறிப்பேடு மருந்தன்று. வயிற்று வலி அடிக்கடி வந்தால், உடற்காரணம் இல்லை என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். அச்சமூட்டும் ஒரே படம் இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து வந்தாலும், உறக்கமோ உணவோ குறைந்தாலும், பெற்றோரிடம் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் நோட்டோடு செல்லுதல் வேண்டும். யாரேனும் தன்னைத் துன்புறுத்தியதாகக் குழந்தை சொன்னால், ஒரு நாளும் காத்திராமல் அன்றே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.