முந்நூறு ரூபாவும் ஒரு பம்பரும்

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டி எங்கட காரின் பின் பம்பரை உரசினது. பெரிசா ஒண்டும் இல்லை, ஒரு கீறல், ஒரு நெளிவு. வழமைபோல இன்சூரன்ஸுக்கு அழைப்பெடுத்தோம். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் அசெசர் வந்தார், படம் எடுத்தார், உள்ளே இருந்த மூன்று பேரையும் பார்த்து, "இவையள் ஆர்?" எண்டு கேட்டார்.

"ஒபிஸில ஒண்டா வேலை செய்யிறம். ஒரு நாளைக்கு முந்நூறு ரூபா குடுத்து வாறம்" எண்டு எங்களில் ஒருவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப இது ஹயரா?"

அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல எங்களுக்கு மூன்று கிழமை எடுத்தது. கடைசியில் பம்பருக்கான காசு கிடைத்தது, விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்த பிறகு. ஆனால் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான், மூன்று வருசமாக நாங்கள் செய்துவந்தது என்ன எண்டு முதன்முதலாகக் கணக்குப் பார்த்தோம். பார்த்தபோது அசெசரின் கேள்வி அவ்வளவு அநியாயமானதாகத் தெரியவில்லை.

நாங்கள் நாலு பேர். வெள்ளவத்தையில் இருக்கிறோம், வேலை கொட்டாஞ்சேனைப் பக்கம். இந்த இரண்டு இடங்களையும் இணைக்கிற 155ஆம் இலக்க பஸ்ஸை அறியாத கொழும்புத் தமிழர் இல்லை. நாங்களும் அதில்தான் தொங்கினோம். எங்களில் ஒருவரிடம் மட்டும் கார் இருந்தது, அவர் தனியாக வந்துகொண்டிருந்தார். 2022 வந்தது. பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டை. அந்த ஜூலையில் அட்டை தொடங்கினபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பஸ்களும் குறைந்துபோயிருந்தன. "தனியா ஏன் போறியள், எங்களையும் ஏத்துங்கோ, பெற்றோலுக்குக் காசு தாறம்" எண்டு தொடங்கின ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடும்கூட. சவோய் தியேட்டருக்கு முன்னால் ஏறினால் மரைன் டிரைவ் பிடித்து நேரத்துக்குப் போய்விடலாம்.

அப்போது போட்ட கணக்கு சரியானது. போக வர 20 கிலோமீற்றர். பழைய கார், கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர்தான் ஓடும். ஆக நாளுக்கு இரண்டு லீற்றர். 2022 ஜூலை நடுப்பகுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் 450 ரூபா. இரண்டு லீற்றர் 900 ரூபா. ஏறுகிற மூன்று பேரும் ஆளுக்கு 300 போட்டால் பெற்றோல் காசு அப்படியே வந்துவிடும். கார்க்காரர் காரையும் கையையும் காலையும் தருகிறார், நாங்கள் எண்ணெய் ஊற்றுகிறோம். ஆருக்கும் மனக்குறை இல்லை.

பிழை நடந்தது அதற்குப் பிறகு. ஒண்டும் செய்யாமல் இருந்ததால் நடந்த பிழை. பெற்றோல் விலை இறங்கியது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறையும் போய்விட்டது. எங்கட முந்நூறு மட்டும் அசையவில்லை. பம்பர் உரசின கிழமை லீற்றர் 300 ரூபா அளவில் இருந்தது. இரண்டு லீற்றர் 600. நாங்கள் இன்னும் 900 குடுத்துக்கொண்டிருந்தோம். கார்க்காரர் ஏமாற்றினார் எண்டு சொல்லவில்லை, அவரும் கவனிக்கவில்லை. ஆனால் செலவு இறங்கியும் இறங்காமல் நிற்கிற தொகைக்குப் பெயர் பங்கு இல்லை. அது கட்டணம். பஸ்ஸில்கூட விலைத் திருத்தம் வருகிறது!

"பெற்றோல் மட்டுமா செலவு?" எண்டு கார்க்காரர் கேட்டது நியாயம். அதனால் அதையும் போட்டுப் பார்த்தோம். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு சேர்விஸ், 20,000 ரூபா எண்டு வைத்தால் கிலோமீற்றருக்கு 4 ரூபா. நாலு ரயரும் ஒரு லட்சம், 40,000 கிலோமீற்றர் ஓடும் எண்டால் கிலோமீற்றருக்கு இரண்டரை ரூபா. இரண்டும் சேர்ந்து ஆறரை, 20 கிலோமீற்றருக்கு 130 ரூபா. பெற்றோலோடு 730. (தேய்மானத்தை, அதாவது ஓட ஓடக் காரின் விலை குறைவதைச் சேர்க்கப் பார்த்துச் சிரித்துவிட்டோம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு இந்த நாட்டில் பழைய கார் வயசு போகப் போக விலை கூடிக்கொண்டு போனது.) எப்படிப் பார்த்தாலும் நாளுக்கு 170 ரூபா மிச்சம். 22 வேலை நாளுக்கு 3,740 ரூபா. பெரிய காசு இல்லை. ஆனால் இலாபம் இலாபம்தான். அதுவும், கார்க்காரர் தன்ட பயணத்துக்கு ஒரு சதமும் போடாமல் வந்த இலாபம்.

இது ஏன் முக்கியம்? காரின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்திலோ அட்டவணையிலோ பாவனை வரையறை எண்டு ஒரு பந்தி இருக்கும். தனியார் கார் எண்டால் வழமையாக அதில், சொந்த, குடும்பத் தேவைகளுக்கும் உரிமையாளரின் தொழில் தேவைக்கும் பாவிக்கலாம், வாடகைக்கோ கூலிக்கோ ஆட்களை ஏற்றினால் காப்புறுதி இல்லை எண்டு இருக்கும். பத்திரம் எடுக்கிறபோதே "பிரைவெட்டா, ஹயரிங்கா" எண்டு கேட்பது இதற்குத்தான். ஹயரிங்குக்குக் கட்டுப்பணம் வேற. நாங்கள் எல்லாரும் யோசிக்காமல் பிரைவெட் எண்டு சொல்கிறோம். கீறின பம்பர் எண்டால் கையால் குடுத்துச் சமாளிக்கலாம். ஒரு ஆளுக்குக் கால் முறிந்து, அந்த நேரத்தில் நிறுவனம் "இது ஹயர்" எண்டு கைவிரித்தால் கார்க்காரர் வீட்டை விற்கவேண்டி வரும். ஏறினவருக்கும் நட்டம்தான், ஏனெண்டால் நட்டஈடு குடுக்கக் கார்க்காரரிடம் என்ன இருக்கப் போகிறது?

அப்ப எது பங்கு, எது ஹயர்? பிரித்தானியாவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், 150ஆம் பிரிவு. கார் எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றுகிற மாதிரி இருக்கக்கூடாது. ஏறினவர்கள் குடுத்த மொத்தக் காசு அந்தப் பயணத்தின் ஓட்டச் செலவைத் தாண்டக்கூடாது, அந்தச் செலவில் தேய்மானத்தையும் சேர்க்கலாம். காசைப் பற்றின பேச்சு பயணம் தொடங்க முன்னமே முடிந்திருக்க வேண்டும். இவ்வளவும் சரியெண்டால், காசு கைமாறினாலும் காப்புறுதி விசயத்தில் அது கூலிக்கு ஓடின கார் ஆகாது.

இது லண்டன் சட்டம், கொழும்பில் செல்லாது. ஆனால் அளவுகோலாக வைத்துப் பார்க்க நல்லது. எங்கட ஏற்பாட்டை அதில் வைத்துப் பார்த்தால் இரண்டில் தேறுகிறோம், செலவைத் தாண்டக்கூடாது எண்ட ஒன்றில் தோற்கிறோம். 2022இல் வைத்துப் பார்த்திருந்தால் மூன்றிலும் தேறியிருப்போம். அதே கார், அதே ஆட்கள், அதே முந்நூறு.

இன்னொரு கோடும் இருக்கிறது. அதை நாங்கள் கிட்டத்தட்டத் தாண்டப் பார்த்தோம். பின் சீற்றில் ஒரு ஆள் லீவு எடுத்த மாசம், "பக்கத்து ஒபிஸ் பெடியன் ஒருத்தன் நானூறு தாறன் எண்டுறான், அவன் தெஹிவளையில, போய் ஏத்துவமா?" எண்டு ஒரு யோசனை வந்தது. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை வடக்கே. தெஹிவளை தெற்கே. அவரை ஏற்றக் கார் எதிர்த்திசையில் போகவேண்டும், அதற்குக் காரணம் அந்த நானூறு மட்டும்தான். ஆரும் ஏறாவிட்டாலும் இந்தக் கார் இந்த வழியால் இந்த நேரத்துக்குப் போகுமா எண்டு கேட்டுப் பாருங்கள். போகும் எண்டால் நீங்கள் பயணத்தைப் பகிர்கிறீர்கள். காசுக்காகத்தான் அந்தத் திருப்பம் எண்டால் நீங்கள் ஓட்டோ ஓடுகிறீர்கள். செயலி மூலம் முன்பின் தெரியாதவர்களை ஏற்றுவது இன்னும் சிக்கலானது. 2023இல் பெங்களூரில் வெள்ளை நம்பர் பலகைத் தனியார் கார்கள் செயலிகளில் காசுக்கு ஆள் ஏற்றுவதைப் பற்றிப் பெரிய இழுபறியே நடந்தது, டாக்சிக்காரர்கள் ஒரு பக்கம், ஒபிஸ் போகிறவர்கள் மறுபக்கம். டாக்சிக்காரரின் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. அவர் ஹயரிங் கட்டுப்பணம் கட்டி ஓடுகிறார்.

"இப்பிடியெல்லாம் பார்த்தா ஒருத்தரும் ஒருத்தரையும் ஏத்தேலாது" எண்டு ஒரு அக்கா சொன்னார். எங்கட கருத்து அப்படி இல்லை. ஏற்றலாம், காசும் வாங்கலாம். ஆனால் அசெசர் கேட்கிறபோது தடுமாறாமல் சொல்லக்கூடிய மாதிரி வாங்கவேண்டும். சிலர் குடுத்த ஆலோசனை, "காசு குடுக்கிறம் எண்டு சொல்லாதேங்கோ, சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ" என்பது. அதை நாங்கள் ஏற்கவில்லை. பொய் சொல்லி எடுத்த நட்டஈடு ஒரு வட்ஸ்அப் மெசேஜ் வெளியில் வந்தால் போய்விடும், மூன்று வருச மெசேஜ்களில் நாங்களே "ஃபெயார் போட்டாச்சு" எண்டு எழுதியிருந்தோம். அந்தச் சொல்லை மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை, கணக்கைத்தான் மாற்றவேண்டும்.

மாற்றினோம். இப்போது மாசத்தின் முதல் நாள் பெற்றோல் விலையைப் பார்த்து அந்த மாசத்துக்கான தொகையைக் குழுவில் போடுகிறோம். 730ஐ நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 180 சொச்சம், கார்க்காரரும் நாலில் ஒருவர். லீவில் நிற்பவர் அண்டைக்குக் குடுப்பதில்லை, அவரின் பங்கை மற்றவர்கள் தலையில் கட்டுவதுமில்லை, ஏனெண்டால் கார் எப்படியும் போகிறது. கார்க்காரருக்கு ஒபிஸ் பெற்றோல் படி தரத் தொடங்கினால் அதையும் முதலில் கழிக்கவேண்டும் எண்டு பேசி வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் ஒரே லீற்றருக்கு இரண்டு தரம் காசு எடுத்ததாகிவிடும். இரண்டாவது கார் வாங்கின பிறகு கிழமைக்குக் கிழமை மாறி ஓடுகிற இன்னொரு செற்றும் எங்கட ஒபிஸில் இருக்கிறது. அங்கே காசே கைமாறுவதில்லை. எல்லாத்திலும் சுத்தமான ஏற்பாடு அதுதான், ஆனால் அதற்கு இரண்டு கார் வேண்டும்.

இதையெல்லாம் எழுதி, ஏறுகிறவர்களின் பெயர், பாதை, பிரிக்கிற முறை எல்லாம் போட்டு, கார்க்காரர் இன்சூரன்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இதே பத்திரத்தில் இது அடங்குமா, ஏறுகிறவர்களுக்கு விபத்துக் காப்பு சேர்க்க எவ்வளவு எண்டு கேட்டார். தொலைபேசியில் "ஓம் ஓம், பிரச்சினை இல்லை" எண்டார்கள். எழுத்தில் தாங்கோ எண்டு கேட்டோம். பதில் வந்தது, செலவுப் பகிர்வுக்குத் தடை இல்லை, இலாபம் எடுத்தால் இந்தப் பத்திரம் செல்லாது எண்டு இரண்டே வரி. அதை அச்செடுத்து டாஷ்போர்டில் வருமான அனுமதிப்பத்திரப் பிரதியோடு வைத்திருக்கிறோம். எல்லா நிறுவனமும் அப்படித்தான் சொல்லும் எண்டில்லை, உங்கட நிறுவனத்திடம் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

குறைத்த 120 ரூபாவில் ஒருவர் இப்போது தினமும் ஜம்பட்டா வீதியில் பிளேன்ரீயும் வடையும் சாப்பிடுகிறார். கார்க்காரருக்கும் சேர்த்து வாங்குகிறார், அது கணக்கில் வராது.