ஹைட்ரஜன் காரும் அவினாசி ரோட்டு பங்கும்

மக்களே, மறுபடியும் கெளம்பிட்டாங்க. போன வாரம் ஒரம்பரை வீட்டு விசேசத்துல பந்தியில உட்கார்ந்தா எதிர்ல ஒருத்தர், "ஏனுங்க, இப்ப எதுக்குங்க எலெக்ட்ரிக் கார் எடுக்கறீங்க? தண்ணியில ஓடுற கார் வருதுங்களே, ரெண்டு வருசம் பொறுங்க" அப்படிங்கறார். பக்கத்துல இருந்தவரும் தலையாட்டறார். பாயசம் வர்றதுக்குள்ள இதை எங்க விளக்குறது? அதான் பதிவாவே போட்டுடறேன்.

மொதல்ல இந்தத் தண்ணிக் கதையை முடிச்சுருவோம். மூலிகைப் பெட்ரோல் காலத்துல இருந்தே நமக்கு இந்த ஆசை உண்டு. 2019 மே மாசம் நம்ம கோயம்புத்தூர் எஞ்சினியர் ஒருத்தர் டிஸ்டில்டு வாட்டர்ல ஓடுற எஞ்சின் கண்டுபிடிச்சதா வடக்கத்திப் பத்திரிகை வரைக்கும் செய்தி வந்துச்சு. ஹைட்ரஜன்தான் எரிபொருள், புகைக்குப் பதிலா ஆக்ஸிஜன் வருமாம். சாமி, தண்ணிங்கறது ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்ச சாம்பல். சாம்பலை அடுப்புல போட்டுச் சோறாக்க முடியாது. அதைத் திரும்ப வெறகாக்கணும்னா வெளியில இருந்து கரண்டு கொடுக்கணும். எவ்வளவு கரண்டுங்கறதுலதான் மொத்தக் கதையும் இருக்கு.

நெசமான ஹைட்ரஜன் கார் வேற. டொயோட்டா மிராய். 2022 மார்ச்சுல கட்கரி டெல்லியில இந்தக் காரோட சோதனைத் திட்டத்தைத் தொடங்கி வச்சார், அதே மாசக் கடைசியில அதுலயே பார்லிமெண்டுக்கு வந்து எறங்கினார். டேங்குல அஞ்சரை கிலோவுக்குச் சித்த மேல ஹைட்ரஜன் பிடிக்கும். காருக்குள்ள இருக்கற ஃபியூயல் செல்லுல ஹைட்ரஜனும் காத்துல இருக்கற ஆக்ஸிஜனும் சேர்ந்து கரண்டாகும், மோட்டார் சுத்தும், பின்னாடி தண்ணி சொட்டும். ஏமாத்து வேலை எதுவும் இல்லீங்க, அருமையான எஞ்சினியரிங்தான். கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாதான் ஆகும்னு அப்ப பத்திரிகையில வந்துச்சு பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பு.

கணக்குப் போடுவோம். நம்மூர் ரோட்டுல ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 100 கிலோமீட்டர் ஓடும்னு வச்சுக்கலாம். தண்ணியைப் பிரிச்சு ஒரு கிலோ எடுக்க 50-ல இருந்து 55 யூனிட் கரண்டு. அதை அமுக்கி, குளிர வச்சு, காருல ஏத்தற வரைக்கும் இன்னும் அஞ்சாறு யூனிட். ஆக 60 யூனிட். அதே 100 கிலோமீட்டருக்குப் பேட்டரிக் காரு, சார்ஜ் ஏத்தறப்ப வீணாகறதையும் சேர்த்து, 18 யூனிட்டுல போயிரும். யூனிட் எட்டு ரூபான்னு வச்சா ஹைட்ரஜனுக்குக் கரண்டுச் செலவு மட்டுமே 480 ரூபா. கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா எங்க போச்சு? மெஷின் விலை, வட்டி, ஆள் சம்பளம், பங்க்காரர் லாபம் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"ஆடி மாசம் பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாலை கரண்டு மிஞ்சுதே, அதுல எடுக்கலாமே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா கோடிக்கணக்குல போட்ட மெஷினை காத்தடிக்கற நாலு மாசம் ஓட்டி, மீதி எட்டு மாசம் துணி போட்டு மூடி வச்சா அந்த ஹைட்ரஜன் என்ன விலைக்கு விழும்? மில்லு ஓட்டறவங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா?

கரண்டை விடுங்க. பங்க் விசயத்துக்கு வாங்க, நம்மூர்க்காரங்களுக்குச் சட்டுனு புரியும். கம்ப்ரஸருக்குப் பேர் போன ஊர் நம்முது. ஒர்க்‌ஷாப்புல ஓடுற கம்ப்ரஸர் ஏழெட்டு பார். சி.என்.ஜி. சிலிண்டர் 200 பார். மிராய் டேங்க் 700 பார். இவ்வளவு அழுத்தம் எதுக்குன்னா, ஹைட்ரஜன் அவ்வளவு லேசு. ஒரு கிலோ சும்மா விட்டா பதினோராயிரம் லிட்டருக்கு மேல எடத்தை அடைச்சுக்கும்.

கம்ப்ரஸர் ஹெட்டைத் தொட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அமுக்கினா சூடாகும். டேங்குக்குள்ளயும் அதேதான். 85 டிகிரிக்கு மேல போகக் கூடாது. அதனால அஞ்சு நிமிசத்துல ஏத்தணும்னா கேஸை பங்குலயே மைனஸ் 40 டிகிரி வரைக்கும் குளிர வச்சுத்தான் அனுப்பணும். கலிஃபோர்னியாவுலயே காத்துல இருக்கற ஈரம் உறைஞ்சு நாசில் காரோட ஒட்டிக்கிட்டுக் கழட்ட முடியாம நிக்கறாங்க. ஐப்பசி மழையில நம்மூருல நெனச்சுப் பாருங்க. பின்னாடி வண்டி வரிசையா ஹாரன் அடிப்பான்.

சரக்கு எப்படி வரும்? இருகூர் டெப்போவுல இருந்து ஒரு பெட்ரோல் டேங்கர் 20,000 லிட்டர் கொண்டு வந்தா 500 காரு ரொப்பலாம். இரும்புக் குழாய் அடுக்கின ஹைட்ரஜன் லாரி அதே அளவு எடத்தை அடைச்சுக்கிட்டு 300 கிலோ சொச்சம்தான் சுமக்கும். அம்பது, அம்பத்தஞ்சு காரு. அதோட தீர்ந்துச்சு.

பங்க் ஒண்ணு படுத்தா என்ன ஆகும்னு நார்வேக்காரங்களைக் கேளுங்க. 2019 ஜூன் 10, ஆஸ்லோ பக்கத்துல சாண்ட்விகாவுல ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடிச்சுது. அந்த அதிர்ச்சியில ரோட்டுல போன காருல ஏர்பேக் விரிஞ்சு ரெண்டு பேருக்கு லேசான காயம். காரணம் என்னன்னு பார்த்தா, அழுத்த டேங்கோட மூடியில உள்பக்கம் இருக்கற போல்ட்டைச் சரியான டார்க்குல முறுக்காம விட்டுருக்காங்க. பெரிய விஞ்ஞானக் கோளாறு ஒண்ணும் இல்லை, ஃபிட்டர் வேலை! மத்த பங்குகளையும் நிறுத்தி வச்சாங்க, டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்க விற்பனையை நிறுத்திச்சு. காரு வச்சிருந்தவங்க எரிபொருள் இல்லாம வேற காரை எரவல் வாங்கி ஓட்டினாங்க.

கலிஃபோர்னியாவுல வெடிக்கலை, விலைதான் வெடிச்சுது. 2023 கடைசியில கிலோ 36 டாலர். ஒரு தடவை ரொப்ப 200 டாலர். டொயோட்டா காரோட 15,000 டாலருக்கு எரிபொருள் அட்டை இலவசமாக் கொடுத்துத்தான் வித்தாங்க. காருக்கே தீனிக் காசும் சேர்த்துக் கொடுத்தா யோசிக்க வேண்டாமா? 2024 பிப்ரவரியில ஷெல் கம்பெனி அங்க தன்னோட கார் பங்குகளை மூடிட்டுப் போயிருச்சு. மாட்டிக்கிட்டவங்க டொயோட்டா மேல கேசு போட்டாங்க. இத்தனையும் பங்க் இருந்த ஊர்ல. நம்ம அவினாசி ரோட்டுல ஒண்ணு கூட இல்லை, ஷோரூமுல அந்தக் காரும் இல்லை.

பேட்டரிக் காருன்னா கடைசிக்கு வீட்டு ப்ளக்குல ராத்திரி பூரா சொருகி வச்சாவது காலையில பொள்ளாச்சி போய்ட்டு வரலாம். ஹைட்ரஜன் காருக்கு வீட்டுல எந்த வழியும் இல்லை. இன்னொண்ணு, அந்த டேங்குல 15 வருசத்துக்கு அப்புறம் கேஸ் ஏத்தாதேன்னு தேதியே போட்டிருக்கும். பழைய அம்பாசடரைப் பேரனுக்கு எழுதி வைக்கற ஊருங்க இது.

நாளைக்கு ஒருத்தர் "ஹைட்ரஜன் கார் எடுக்கலாமா"ன்னு வந்தா இதை மட்டும் கேளுங்க: உங்க வீட்டுல இருந்து இருவது கிலோமீட்டருக்குள்ள ரெண்டு பங்க் இருக்கா, ரெண்டும் வேற வேற கம்பெனியா, கிலோ விலை எழுதிப் போட்டிருக்கானா? மூணுக்கும் ஆமான்னா என்கிட்ட வாங்க, சேர்ந்தே போய்ப் பார்க்கலாம்.

டிஸ்கி: 2025 ஜூலையில சென்னை ஐ.சி.எஃப்.ல சோதிச்ச ஹைட்ரஜன் ரயில் பெட்டியைக் காட்டிப் பின்னூட்டத்துல சண்டைக்கு வராதீங்க. ரயிலு ஒரே தடத்துல போய் ஒரே எடத்துக்குத் திரும்பி வரும், அதுக்கு ஒரு பங்க் போதும். நீங்க கொண்டை ஊசி வளைவேறி ஊட்டிக்கும் போவீங்க, திடீர்னு மாமியார் ஊரு தாராபுரத்துக்கும் போவீங்க.

டிஸ்கி 2: காத்தாலை வச்சிருக்கற பதிவர்கள் யாராச்சும் இருந்தா, என்ற 60 யூனிட் கணக்கை உங்க சொந்த யூனிட் விலைக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் கணக்கோட திட்டுங்க.