புறங்கை மட்டும் தெரியும் படம்

கல்லூரி ஒன்றில் மகளிர் தினக் கண்காட்சி. என் ஆயாவின் கைகள் என் கையைப் பிடித்திருக்கும் படத்தைக் கேட்டு வாங்கினார்கள். கீழே போட ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான் யோசிப்பதற்குள் அவர்களே ஒன்றை அச்சடித்துவிட்டார்கள்: ‘உழைப்பின் ரேகைகள்’. பார்த்தவர்கள் உருகினார்களாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த வரி பொய்.

படத்தில் தெரிவது ஆயாவின் புறங்கை. சுருக்கம், புடைத்த நரம்பு, பழுப்புப் புள்ளிகள். இவை வயதும் வெயிலும் செய்தவை. தோலுக்குக் கீழே இருந்த கொழுப்பு வற்றினால் யாருடைய புறங்கையும் இப்படித்தான் ஆகும். ஆயா நாற்று நட்ட வயலின் சொந்தக்காரர் வீட்டு அம்மாவுக்கும் ஆயாவின் வயதுதான். அவர் கையும் சுருங்கித்தான் இருந்தது, தங்க வளையலுக்குக் கீழே. சுருக்கத்தை உழைப்பு என்று வாசித்தால் அந்த அம்மாவும் ஆயாவும் ஒன்றாகிவிடுவார்கள். அந்த வரி எல்லோருக்கும் பிடித்துப்போனதும் அதனால்தானோ என்னவோ.

உழைப்பு இருப்பது உள்ளங்கையில். அது படத்தில் இல்லை, ஏனென்றால் அது என் கையைப் பற்றியிருக்கிறது.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை ஒட்டிய ஏரிப்பாசன ஊர் எங்களுடையது. நடவு என்றால் இடது கையில் நாற்று முடி இருக்கும். வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து எடுத்துச் சேற்றில் ஊன்றிவிட்டு வெளியே வரும். குனிந்தபடியே பின்னால் நகர வேண்டும். ஒரு நாளில் இதை எத்தனை ஆயிரம் தடவை செய்தாள் என்று யாரும் எண்ணியதில்லை. சேறும் மணலும் அந்த மூன்று விரல் நுனிகளையும் தேய்த்தன. அறுவடைக்கு இடது கை தாளைப் பிடிக்கும், வலது கை அரிவாளை இழுக்கும். அதனால் ஆயாவின் வெட்டுத் தழும்புகள் எல்லாம் இடது கையில், சுண்டுவிரல் பக்கம். அவள் கையைத் திருப்பிப் பார்த்தால் எந்த விரல் எந்த வேலையைச் செய்தது என்று சொல்லிவிடலாம். திருப்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

திருப்பிப் பார்த்தது ரேஷன் கடை மெஷின் ஒன்றுதான். கைரேகை வைக்கும் முறை வந்த பிறகு ஆயா கடைக்குப் போனால் முதலில் வலது கட்டைவிரல், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. விற்பனையாளர் துணியால் துடைத்துவிடுவார். தலைமுடியில் தேய்த்துவிட்டு வை என்பார். பத்து விரலும் முடிந்த பிறகு, “நாளைக்கு வா ஆயா.” ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக அரிசி மறுக்கக் கூடாது. கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லி வாங்கலாம், பதிவேட்டில் கையெழுத்து வைத்தும் வாங்கலாம். ஆனால் வரிசை நீளமாக இருக்கும் நாளில், எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்காகப் பதிவேட்டைத் தேடி எடுப்பவர் யார்? இரண்டு நாள் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் நான் போய் விரல் வைத்தேன்.

இங்கேதான் ‘உழைப்பின் ரேகைகள்’ என்ற வரி எனக்கு ஆகாமல் போகிறது. உழைப்பு ஆயாவுக்கு ரேகை எதையும் கொடுக்கவில்லை. இருந்த ரேகையையும் அழித்தது.

வயலும் அவளுடையதில்லை. தொழிற்பேட்டைக்காக அது போனபோது இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது. அது முறைதான், நிலம் அவருடையது. ஆனால் அந்த மண்ணில் முப்பது வருடத்துக்கு மேல் விரல் வைத்தவளுக்கு ஒரு தாளும் வரவில்லை. மூன்று ஆண்டு ஒரு நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013-இன் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம் சொன்னது. அதற்குப் பல வருடம் முன்பே அந்த வயலுக்குச் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. அரசாங்கக் காகிதத்தில் ஆயா எதையும் இழக்கவில்லை.

இனி என் கை. கண்காட்சியில் எல்லோரும் அதை ‘இளமை’ என்று நினைத்துக் கடந்துபோயிருப்பார்கள். இந்தத் தடத்தில் உள்ள ஒரு மின்னணு ஆலையில் போர்டு துடைக்கிறேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். விரலுக்கு மாட்டும் ரப்பர் உறை ஷிப்ட் பாதியில் கிழிந்தால், அடுத்தது வரும்வரை வெறும் விரல்தான். ஆல்கஹால் தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். வெள்ளையாகக் காய்ந்து, பிறகு உரியும். ஷிப்ட் முடிந்து வெளியேறும்போது வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்தால் சிவப்பு விளக்கு. ஊதி வைக்கிறேன், தலைமுடியில் தேய்த்து வைக்கிறேன். ஆயா ரேஷன் கடையில் செய்ததைத்தான் செய்கிறேன். பதிவாகாத நாளைச் சரிசெய்யச் சூப்பர்வைசரிடம் நிற்க வேண்டும். அவருக்கு நேரமில்லாவிட்டால் அரைநாள் போச்சு.

எங்களுக்குள் ஒரு வித்தியாசம் உண்டு. ரேகையின் அச்சு தோலின் ஆழத்தில் இருக்கிறது. மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால், கைக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் அதே ரேகை திரும்ப வளரும். ஆயாவுக்கு வயதும் சேர்ந்து மேட்டைத் தட்டையாக்கிவிட்டது, அது திரும்பாது. எனக்குத் திரும்பும். அந்த ஒரு மாத விடுப்புதான் இல்லை.

படத்தை உற்றுப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். இரண்டு பேர் மணிக்கட்டும் வெறுமை. ஆயாவுடையது, தாத்தா செத்த பத்தாம் நாள் ஊர்ப் பெண்கள் உடைத்த வளையல். என்னுடையது, லைனில் உலோகம் கூடாது என்ற விதி. உடம்பின் மின்னேற்றத்தைத் தரைக்குக் கடத்தும் ரிஸ்ட் ஸ்ட்ராப் மட்டும்தான் அங்கே அணியலாம். விதியில் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணம் எங்கெல்லாம் நீள்கிறது என்று பாருங்கள். ஶ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள ஃபாக்ஸ்கான் ஐஃபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம் ஆகியவற்றோடு, மணமான இந்துப் பெண்கள் அணியும் நகையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது, ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புருஷன் செத்தால் ஊர் வளையலை உடைக்கும். புருஷன் வந்தால் வேலை போகும். நடுவில் உள்ள சில வருடங்களுக்கு மட்டும் எங்கள் விரல்கள் தேவைப்படுகின்றன.

இதையெல்லாம் ஒரு வரியில் எழுத முடியாது என்றார் கண்காட்சித் தோழி. படம் அன்பைக் காட்டினால் போதாதா என்றும் கேட்டார். அன்பு இருக்கிறது. அதைத்தான் நீங்கள் எழுதவில்லை. ஆயா அன்று என் கையைப் பிடித்தது படத்துக்காக அல்ல. இரவு ஷிப்ட் முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பார்வை மங்கியவள், அவளுக்கு விரல்தான் கண். “இன்னாடி இது, சேத்துல எறங்காமயே உன் கை இப்படி ஆயிடுச்சி?” என்றாள். தம்பி அப்போதுதான் எடுத்தான்.

இரண்டாம் முறை அச்சடிக்கும்போது இதைப் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், நீளமாக இருந்தாலும்:

‘ஞாயிறு காலை, திண்ணை. முப்பது வருடத்துக்கு மேல் நாற்று நட்டு ரேகை போன விரல்களால், மூன்று வருடம் போர்டு துடைத்து ரேகை போய்க்கொண்டிருக்கும் பேத்தியின் விரல்களுக்கு ஆயா தேங்காயெண்ணெய் தடவுகிறாள். எண்ணெய் காயும்வரை கையை விடவில்லை.’