கிளவுட் கிச்சனா, டிபன் கடையா: கணியூரில் எது கட்டுப்படியாகும்?

கையில் இரண்டு, மூன்று லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு இப்போது கிடைக்கும் முதல் யோசனை, "கடை எதுக்கு? வீட்லயே சமைச்சு ஆப்ல வித்துடலாமே" என்பதுதான். டேபிள், சப்ளையர், மெயின் ரோட்டு வாடகை எதுவும் வேண்டாம் என்பதால் கேட்க லாபமாகத்தான் தெரிகிறது. ஆனால், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள கணியூர் போன்ற பேரூராட்சியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற தளங்களின் கமிஷன் பொதுவாக 20 முதல் 30 சதவீதம். உதாரணத்துக்கு, ஒரு பார்சல் விலை 150 ரூபாய், கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 37.50 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 6.75 ரூபாய், டப்பாவும் கவரும் 10 ரூபாய். ஆக, ஒரு பார்சலுக்கு சுமார் 54 ரூபாய் போய்விடுகிறது. அரிசி, பருப்பு, காய்கறிக்கு 60 ரூபாய் என்றால் மிஞ்சுவது 36 ரூபாய். கேஸ், கூலி, வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

உட்கார்ந்து சாப்பிடும் கடையில் இந்த 54 ரூபாய் பிடித்தம் இல்லை. பதிலாக வாடகையும் ஆள்கூலியும் கூடுகின்றன. மாத வாடகை 7,000 ரூபாய் அதிகம் என்றால், 26 நாள் கணக்கில் தினம் 270 ரூபாய். பரிமாற ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர் என ஆளுக்கு 500 ரூபாய் சேர்த்தால் மொத்தம் 1,270 ரூபாய். இதை 54-ஆல் வகுத்தால் 24 வருகிறது. அதாவது, 150 ரூபாய் அளவில் தினம் 24 விற்பனையைத் தாண்டினால் கடைதான் லாபம். குடும்பத்தில் ஒருவரே பரிமாறினால் 15 போதும்.

அதற்குக் கீழே விற்றால் ஆப் மலிவு. ஆனால் சிற்றூரில் ஆப் ஆர்டர் எத்தனை வரும் என்பதுதான் கேள்வி. முன்பணம் கொடுக்கும் முன், ஆப்பில் கணியூர் முகவரியைப் போட்டு மதியம் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒரு வாரம் பாருங்கள். எத்தனை கடை திறந்திருக்கிறது, டெலிவரிக்கு ஆள் கிடைக்கிறாரா என்பது தெரிந்துவிடும். ஆள் இல்லாத ஊரில் கிளவுட் கிச்சன் என்பது வாசல் இல்லாத கடை.

கடைக்கும் ஒரு பள்ளம் உண்டு. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள், "கணக்குல எழுதிக்கங்கண்ணா" என்பார்கள். தினம் 2,000 ரூபாய் கடன் போனால், சனிக்கிழமைக்குள் 12,000 ரூபாய் நோட்டில் முடங்கும். மறுநாள் காய்கறிக்குக் காசு இருக்காது. எனவே கடன் நோட்டுக்கு ஆளுக்கு ஒரு வரம்பு தேவை.

சிறு முதலுக்கு ஏற்றது நடுவழி: நாலு டேபிள், வாசலில் பார்சல் கவுண்டர், பக்கத்து மில்லுக்கு நேரடி மதியச் சாப்பாடு. கமிஷன் இல்லாத இந்த விற்பனை நிலைத்த பிறகு, மிச்சம் இருக்கும் அடுப்பு நேரத்தில் ஆப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலிலேயே ஆப்பை மட்டும் நம்பி முதலைக் கொட்டுவது கணியூருக்குக் கட்டுப்படியாகாது.