சும்மா வர்ற சில்லரும் மாசா மாசம் காசு கேட்கும்

கடையை மூடுறவங்க பழைய சில்லரை அன்னதான சமையலறைக்கு உபயமா கொடுக்க வருவாங்க. "சும்மா கிடைக்குதே, புதுசு எதுக்கு?" என்று பலர் கேட்பாங்க. தொழிற்சாலையில் இயந்திரம் வாங்கும்போது நாங்கள் விலையை மட்டும் பார்க்க மாட்டோம். வாங்குறது, ஓட்டுறது, பழுது பார்ப்பது, கடைசியில் அகற்றுவது, நாலையும் கூட்டித்தான் முடிவு எடுப்போம். கோவிலுக்கும் அதே கணக்குதான் வேணும் என்பது எங்கள் கருத்து.

இரண்டு கதவு சில்லர் ஒன்றை உதாரணமா வச்சு, 5 வருசத்துக்குப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரம் 50 சென் என்று வைத்துக்கொள்வோம்.

இலவச சில்லர்: லாரி கூலி 300 வெள்ளி. ஒரு நாளைக்கு 12 யூனிட் இழுத்தால் வருசத்துக்கு 2,190 வெள்ளி, 5 வருசத்துக்கு 10,950. கேஸ், கதவு ரப்பர் என்று வருசம் 400 வீதம் 2,000. நடுவில் கம்பிரசர் ஒரு தடவை போனால் 1,200. கடைசியில் அகற்ற 200. மொத்தம் 14,650 வெள்ளி.

புது இன்வெர்ட்டர் சில்லர்: விலை 5,500. ஒரு நாளைக்கு 6 யூனிட் என்றால் 5 வருசத்துக்கு 5,475. சர்வீஸ் வருசம் 200 வீதம் 1,000. 5 வருசம் கழித்து 1,000 வெள்ளிக்கு விற்கலாம், அதைக் கழித்தால் மொத்தம் 10,975 வெள்ளி.

சும்மா வந்ததுதான் 3,675 வெள்ளி அதிகம் தின்கிறது. காரணம், சில்லர் 24 மணி நேரமும் ஓடுது.

ஆனா திருவிழா நேரத்தில் மட்டும், வருசத்துக்கு 30 நாள் ஓடினால் கணக்கு தலைகீழா மாறும். மின்சாரத்தில் மிச்சம் வருசத்துக்கு வெறும் 90 வெள்ளிதான். அதுக்காக 5,500 கொடுக்கத் தேவையில்லை. அப்போ பழையதையே வாங்கிக்கலாம்.

எண்கள் உதாரணம்தான். உங்க கோவில் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்க. பழையது எவ்வளவு இழுக்குது என்று தெரிய, பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை ஒரு வாரம் மாட்டி வையுங்க. கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்க. சுலபமா வந்துட்டா ரப்பர் போச்சு, குளிர் வெளியே கசியுது. கம்பிரசர் நிற்காமலே ஓடினாலும் சந்தேகப்படணும்.

அகற்றும்போது பழைய இரும்புக் கடைக்காரர் குழாயை வெட்டி கேஸை வெளியே விடக் கூடாது. உரிமம் உள்ள மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்கணும். அந்தச் செலவும் கோவில் தலையில்தான்.

அதனால நிர்வாகம் உபயத்துக்குச் சரி சொல்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் மீட்டர் மாட்டிப் பார்க்கட்டும். கணக்கு ஒத்து வரலைன்னா, கொடுக்க வந்தவரிடம் மரியாதையா விளக்கிச் சொல்லி, புதுசு வாங்க ஒரு பங்கு உபயமா கேட்கலாம். கரண்ட் பில்லைக் கட்டுறதும் உண்டியலில் விழுந்த காசுதானே.